பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி வைஃபை அடாப்டரைப் பொருத்தி வீட்டு இணைப்பில் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

உறவினர் வீடுகளிலும் அக்கம்பக்கத்திலும் பழைய டெஸ்க்டாப் கணினிகளுக்கு வைஃபை அடாப்டர் பொருத்திக் கொடுத்திருக்கிறேன். அடாப்டரை வாங்கி வந்தவுடன் உறையைப் பிரித்துக் கணினியில் செருகிவிட்டு, அதன் பிறகுதான் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பற்றி யோசிக்கிறார்கள். டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேற்பட்ட வேலை, அடாப்டரைச் செருகுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

விண்டோஸ் 10 இயங்கும் கணினியை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, என் சித்தி வீட்டுக் கணினியைத் தொடர்ந்து குறிப்பிடுவேன். அது இரண்டாம் தலைமுறை ஐ3 செயலி கொண்டது. பின்புறம் உள்ள யூஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் 2.0 வகை. ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. கணினி இரண்டு செங்கல் சுவர்களுக்கு அப்பால், பின் அறையில், பீரோவுக்கு அருகில் இருக்கிறது.

## 1. வாங்குவதற்கு முன் கணினியில் பார்க்க வேண்டியவை

முதலில் Settings → System → About பக்கத்தைத் திறந்து, System type என்ற வரியில் 32-bit என்று இருக்கிறதா, 64-bit என்று இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் இதற்குப் பொருந்தியே இருக்க வேண்டும். 64-bit கணினியில் 32-bit டிரைவர் ஏறாது.

அடுத்து, பின்புறத்து யூஎஸ்பி போர்ட்டுகளைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீல நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் 3.0, கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருந்தால் 2.0. யூஎஸ்பி 2.0 போர்ட்டின் ஏட்டளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் அதில் 300 மெகாபிட் அளவுக்கே தரவு கடக்கும். எந்த அடாப்டரை வாங்குவது என்பதை இந்த எல்லைதான் முடிவு செய்கிறது.

மூன்றாவதாக, கணினியின் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மின்இணைப்பைத் துண்டித்து மறுபடி இயக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள். வைஃபைக்கும் தேதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். எட்டாம் படியில் அது வரும். இப்போதே அந்தப் பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது.

## 2. எந்த அடாப்டரை வாங்குவது

பெட்டியின் மேல் ஏசி 600, ஏசி 1300 என்று அச்சிட்டிருக்கும் எண் இரண்டு அலைவரிசைகளின் வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. ஏசி 600 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433. ஒரு நேரத்தில் இவற்றில் ஒன்றுதான் வேலை செய்யும் என்பதால், 600 என்ற வேகம் எப்போதும் கிடைக்கப்போவதில்லை. ஏசி 1300 வகையில் 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 867 இருக்கும். ஆனால் அதை 2.0 போர்ட்டில் செருகினால் மேலே சொன்ன 300 என்ற எல்லையிலேயே அது நின்றுவிடும். 2.0 போர்ட்டுகள் மட்டுமே உள்ள கணினிக்கு ஏசி 600 போதும்.

150 அல்லது 300 என்று மட்டும் எழுதி, 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் மலிவான அடாப்டர்களும் கடைகளில் கிடைக்கும். தனி வீட்டில் அதுவே போதுமானதாக இருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்துப் பதினைந்து ரவுட்டர்கள் அதே அலைவரிசையில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் என்பதால், அங்கே இரண்டு அலைவரிசைகளும் உள்ளதையே வாங்கச் சொல்வேன்.

வடிவத்தைப் பொறுத்தவரை, நகத்தளவே உள்ள அடாப்டரைத் தவிர்த்து, மடக்கி நிமிர்த்தக்கூடிய சிறு ஆண்டெனா உள்ளதை வாங்க வேண்டும். நகத்தளவு அடாப்டர் மடிக்கணினிக்கு ஏற்றது. டெஸ்க்டாப்பில் அது இரும்புப் பெட்டியின் முதுகோடு ஒட்டிக்கொள்வதால், பெட்டியே அதற்கும் ரவுட்டருக்கும் நடுவே சுவராக நின்றுவிடும். ஆண்டெனாவோடு ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். விலை சிறியது; பலன் என்ன என்பதை ஒன்பதாம் படியில் எண்களோடு காட்டுகிறேன்.

## 3. டிரைவரை முன்கூட்டியே கொண்டுவருதல்

அடாப்டரின் பெட்டியிலும் அடியில் உள்ள ஒட்டியிலும் மாதிரி எண்ணோடு வெர்ஷன் என்று ஓர் எண்ணும் இருக்கும். அந்த வெர்ஷன் எண்ணை விட்டுவிடக் கூடாது. ஒரே பெயரில் விற்கும் அடாப்டருக்குள், வெர்ஷன் மாறும்போது சிப்பும் மாறியிருக்கக்கூடும். சிப் மாறினால் டிரைவரும் மாறும்.

தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில், அதே வெர்ஷனுக்கான விண்டோஸ் 10 டிரைவரை வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ பதிவிறக்கி, பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். டிரைவர்களை இலவசமாகப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் பொதுத் தளங்களின் பக்கம் போகாதீர்கள். அவை டிரைவரோடு வேண்டாத மென்பொருள்களையும் ஏற்றிவிடும். பெட்டியில் வரும் சிறு குறுந்தகட்டையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்; பழைய கணினிகளில் முதலில் பழுதாகும் பாகங்களில் சிடி டிரைவும் ஒன்று.

வேறு கணினி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியைத் தரவு கேபிளால் டெஸ்க்டாப்போடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் USB tethering என்பதை இயக்கினால், விண்டோஸ் 10 அதை ஒரு நெட்வொர்க் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பே டெஸ்க்டாப்புக்குப் போகும். மொபைல் டேட்டா செலவாகாது. டெஸ்க்டாப்பில் இணையம் வந்துவிட்டால், அடாப்டரைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே பொருத்தமான டிரைவரைத் தேடி ஏற்றிவிடுவதும் உண்டு. இதில் செய்யும் ஒரே தவறு, மின்னேற்றம் மட்டும் தரும் கேபிளைப் பயன்படுத்துவது. அந்தக் கேபிளில் tethering பொத்தான் மங்கலாகவே இருக்கும், அழுத்த வராது.

## 4. ரவுட்டரில் இரண்டு அமைப்புகள்

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கைப்பேசி உலாவியில் திறக்க வேண்டும். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் உள்ள ஒட்டியிலும் அச்சிட்டிருக்கும்.

முதலாவது, பாதுகாப்பு முறை. அது WPA3 மட்டும் என்று இருந்தால், பழைய சிப் கொண்ட அடாப்டர்கள் கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் சேராது. WPA2-PSK, AES என்று வைப்பதே பாதுகாப்பும் பொருத்தமும் ஒருங்கே தரும் தேர்வு. TKIP என்று இருந்தால் மாற்றிவிட வேண்டும். அது பழைய, வலுவற்ற முறை என்பதோடு, இணைப்பு வேகத்தையும் 54 மெகாபிட்டுக்கு மேல் ஏறவிடாது.

இரண்டாவது, 2.4 கிகாஹெர்ட்ஸின் சேனல். இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் சில அடாப்டர்கள் 11 வரையே பார்க்கும். ரவுட்டர் தானாக 12 அல்லது 13-ஐத் தேர்ந்துகொண்டால், கைப்பேசியில் தெரியும் வைஃபை பெயர் டெஸ்க்டாப்பில் மட்டும் தெரியாது. 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றை நிலையாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைக்க ரவுட்டர் அனுமதித்தால், வேலை முடியும் வரையாவது அப்படி வைத்துக்கொள்ளுங்கள். கணினி எதில் சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் பெயரிலேயே தெரியும்.

## 5. செருகுதல்

பெட்டியின் முன்புறத்துப் போர்ட்டில் செருகக் கூடாது. அந்தப் போர்ட்டுகள் மெல்லிய கம்பிகள் வழியாக மதர்போர்டுக்குச் செல்கின்றன. பழைய பெட்டிகளில் அந்தக் கம்பிகள் தளர்ந்தோ துருவேறியோ இருக்கும். அடாப்டர் தரவு அனுப்பும்போது மின்சாரம் போதாமல் நின்று நின்று இயங்கும். பின்புறப் போர்ட்டுகள் மதர்போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டவை.

3.0 போர்ட் இருந்தாலும், அதில் வேறு ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதன் பக்கத்துப் போர்ட்டில் அடாப்டரைச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 இயங்கும்போது வெளிவரும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கெடுக்கும்.

இந்த முதல் முறை எக்ஸ்டென்ஷன் கேபிள் இல்லாமல் நேரடியாகவே செருகுங்கள். டிரைவரில் சிக்கல் வந்தால், அது கேபிளால் வந்ததோ என்ற ஐயம் இல்லாமல் இருக்கும்.

## 6. டிரைவரை ஏற்றுதல்

சித்தி வீட்டில் செருகியவுடன் நடந்தது இதுதான்: கணினி ஒரு மணியோசை எழுப்பியது, This PC-யில் புதிதாக ஒரு சிடி டிரைவ் தோன்றியது, வைஃபை அடையாளம் எங்கும் வரவில்லை. அடாப்டர் பழுது என்று சித்தப்பா அதைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். ஆனால் அது பழுது இல்லை. இத்தகைய அடாப்டர்கள் டிரைவரைத் தமக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கின்றன. முதலில் சிடி போலத் தோன்றி, டிரைவர் ஏறிய பிறகே வைஃபை அடாப்டராக மாறுகின்றன. அந்தச் சிடியைத் திறந்து உள்ளே இருக்கும் Setup கோப்பை இயக்கினால் போதும். உள்ளே உள்ளது பழைய டிரைவராக இருந்தாலோ ஓடாவிட்டாலோ, பென் டிரைவில் கொண்டுவந்த டிரைவரை நிறுவிவிட்டு, சிடி டிரைவின் மேல் வலது சொடுக்கு செய்து Eject கொடுக்க வேண்டும். அடாப்டர் அப்போது தன் மறு உருவுக்கு மாறும்.

சரியான டிரைவர் எது என்று ஐயம் இருந்தால் Device Manager-ஐத் திறக்க வேண்டும். தொடக்கப் பொத்தானை வலது சொடுக்கினால் அது பட்டியலில் இருக்கும். Other devices என்பதன் கீழே, மஞ்சள் குறியுடன் 802.11ac NIC போன்ற ஒரு பெயர் தெரியும். அதன் Properties → Details பகுதியில் Hardware Ids என்பதைத் தேர்ந்தால் இப்படி ஒரு வரி வரும்:

```
USB\VID_0BDA&PID_C811
```

VID என்பது சிப் அல்லது அடாப்டர் நிறுவனத்தின் எண்; PID என்பது பொருளின் எண். மேலே உள்ள இரண்டும் சேர்ந்தால் Realtek RTL8811CU சிப். அடாப்டரின் உறையில் என்ன பெயர் இருந்தாலும் டிரைவருக்குத் தேவையான அடையாளம் இதுதான். அதே இடத்தில் `PID_1A2B` என்று இருந்தால் Realtek அடாப்டர் இன்னும் சிடி உருவிலேயே இருக்கிறது என்று அறியலாம்.

நிறுவிய பிறகும் மஞ்சள் குறி போகாவிட்டால் Properties → General பகுதியில் ஒரு குறியீடு இருக்கும். Code 28 என்றால் டிரைவர் ஏறவே இல்லை. பெரும்பாலும் வெர்ஷன் அல்லது 32, 64 பொருந்தாததே காரணம். Code 10 என்றால் டிரைவர் இருக்கிறது, கருவி தொடங்கவில்லை. வேறு பின்புறப் போர்ட்டுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். Code 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. விண்டோஸ் 7-இல் புதிய டிரைவர்களை ஏற்றுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அங்கே KB3033929 என்ற புதுப்பிப்பு இருந்தால்தான் அந்தக் கையொப்பத்தை அது படிக்கும்.

## 7. வீட்டு இணைப்பில் சேருதல்

திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளம் வந்தவுடன், அதைச் சொடுக்கி உங்கள் இணைப்பின் பெயரைத் தேர்ந்து, Connect automatically என்பதைக் குறியிட்டு, கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் அடையாளத்தை அழுத்திப் பிடித்தால் தட்டச்சு செய்தது தெரியும்; பழைய விசைப்பலகையில் ஒட்டிக்கொள்ளும் விசை இருந்தால் அது இங்கேதான் வெளிப்படும்.

சேர்ந்தவுடன், இந்தக் கணினியைப் பிற கருவிகள் கண்டுகொள்ளலாமா என்று விண்டோஸ் கேட்கும். கணினியோடு இணைந்த பிரிண்டரையோ கோப்புகளையோ வீட்டில் மற்றவர்களோடு பகிர்ந்தால் தவிர No என்பதே சரி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. தேவையில்லாத கதவைத் திறந்து வைப்பதற்கு முன்னைவிட இப்போது காரணம் குறைவு.

வைஃபை பட்டியலே வராமல், அடாப்டர் மட்டும் Device Manager-இல் சரியாகத் தெரிந்தால், `services.msc` திறந்து WLAN AutoConfig என்ற சேவை Running, Automatic என்று இருக்கிறதா என்று பாருங்கள். பல ஆண்டுகள் கேபிளிலேயே இருந்த கணினிகளில், வேகத்தைக் கூட்டுவதற்காக என்று யாரோ அதை நிறுத்தி வைத்திருப்பார்கள்.

## 8. இணைந்தது, ஆனால் பக்கங்கள் திறக்கவில்லை

இங்கே வரிசையாகச் சோதிக்க வேண்டும். Command Prompt திறந்து முதலில் முகவரியைப் பார்க்கவும். பிறகு, அதில் Default Gateway என்று வரும் ரவுட்டரின் முகவரிக்கு ping அனுப்பவும்.

```
ipconfig
ping 192.168.1.1
```

IPv4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் இந்தக் கணினிக்கு முகவரி கொடுக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்து இயக்கி, இணைப்பை Forget கொடுத்து மறுபடி சேர வேண்டும். ரவுட்டர் வரை பதில் வந்து இணையம் மட்டும் வராவிட்டால், கோளாறு அடாப்டரில் இல்லை. அதே நேரத்தில் கைப்பேசியிலும் இணையம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும், உலாவி ஒவ்வொரு தளத்திலும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டி `NET::ERR_CERT_DATE_INVALID` என்று சொன்னால், முதல் படியில் சொன்ன தேதிதான் காரணம். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் 2010-இல் நின்றால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாம் இன்னும் பிறக்காதவை என்று உலாவி முடிவு செய்துவிடும். சித்தி வீட்டில் அரை மணி நேரம் ரவுட்டரையே மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் திரையின் மூலையில் இருந்த ஆண்டு என் கண்ணில் பட்டது. தேதியைக் கையால் சரிசெய்ததும் எல்லாப் பக்கங்களும் திறந்தன. பேட்டரியை மாற்றும் வரை ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் அது திரும்பி வந்தது.

## 9. அடாப்டருக்கு இடம் தேடுதல்

இணைந்துவிட்டது என்று பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் வேகத்தைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். கீழ்க்கண்ட கட்டளை உண்மை நிலையைக் காட்டும்:

```
netsh wlan show interfaces
```

சித்தி வீட்டில், அடாப்டர் பெட்டியின் முதுகில் நேரடியாகச் செருகியிருந்தபோது வந்த வரிகளில் வேண்டியவை இவை:

```
Radio type             : 802.11n
Channel                : 6
Receive rate (Mbps)    : 43.3
Signal                 : 46%
```

5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் தோன்றித் தோன்றி மறைந்துகொண்டிருந்தது. பெட்டி மேசைக்கு அடியில், அதன் முதுகு சுவரைப் பார்த்து, பக்கவாட்டில் இரும்பு பீரோ. அலை வரக்கூடிய வழி எல்லாம் இரும்பு.

ஒன்றரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளைப் போட்டு, அடாப்டரை மேசையின் மேல், கதவு தெரியும் பக்கமாக, ஆண்டெனாவை நிமிர்த்தி வைத்தேன். அதே கணினி, அதே அடாப்டர்:

```
Radio type             : 802.11ac
Channel                : 36
Receive rate (Mbps)    : 195
Signal                 : 61%
```

இந்த Receive rate என்பது அடாப்டரும் ரவுட்டரும் பேசிக்கொள்ளும் வேகம். பதிவிறக்கத்தில் அதில் ஏறக்குறைய பாதி கிடைத்தால் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெவ்வேறு இடங்களில் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் காத்திருந்து இந்தக் கட்டளையை இயக்கிப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் பாதிக்கும் கீழே இருந்து, இணைப்பும் அடிக்கடி விட்டுப்போனால், 2.4-க்கே மாறிவிடுவது மேல். 2.4-இன் வேகம் குறைவு. ஆனால் சுவரைக் கடப்பதில் அது வலுவானது.

## 10. சிறிது நேரத்தில் இணைப்பு அறுந்தால்

கணினியைச் சும்மா விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது இணைப்பு போயிருந்தால், விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த அடாப்டரைத் தூங்கவைத்திருக்கிறது. Device Manager → Network adapters பகுதியில் அடாப்டரின் Properties → Power Management-இல், Allow the computer to turn off this device to save power என்ற குறியை நீக்க வேண்டும். டெஸ்க்டாப்பில் அந்தச் சேமிப்பால் பயன் ஏதும் இல்லை. அடாப்டரை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் விண்டோஸ் அதைப் புதுக் கருவியாகக் கருதக்கூடும் என்பதால், அப்போது இந்தக் குறியை மறுபடியும் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கணினியை முழுமையாக அணைத்து, சுவர் சுவிட்சையும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து இயக்குங்கள். தேதி சரியாக நின்று, வைஃபை தானாகச் சேர்ந்து, சிடி உருவம் திரும்பி வராமல் இருந்தால் வேலை முடிந்தது. பென் டிரைவில் உள்ள டிரைவரை D: டிரைவில் ஒரு கோப்புறையில் நகலெடுத்து, அதன் பெயரிலேயே அடாப்டரின் மாதிரியையும் வெர்ஷனையும் எழுதி வையுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவும் நாளில், இணையம் வருவதற்கு முன் தேவைப்படும் முதல் கோப்பு அதுவாகத்தான் இருக்கும்.